ஒரே டவர், ஒரே சிக்னல், ரெண்டு வேகம்

டல்லஸ் பக்கம் எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது மாதம் பதினைந்து, இருபத்தைந்து டாலர் பிளானுக்கு மாறிவிட்டார்கள். பெரிய கம்பெனிக்கு ஒரு லைனுக்கு எண்பது டாலர் அழுவதை விட இது மேல் என்று கணக்குப் போட்டு மாறியவர்கள். வருடத்தில் முன்னூற்றைம்பது நாள் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பொங்கல் விழா, தீபாவளி விழா, ஹைஸ்கூல் பட்டமளிப்பு என்று கூட்டம் சேரும் நாட்களில் மட்டும் எனக்கு வாட்ஸ்அப்பில் புகார் வரும். நான் கொஞ்ச காலம் மொபைல் நெட்வொர்க்கின் ரேடியோ பக்கம் வேலை பார்த்தவன் என்பது தெரிந்ததால் வரும் வினை.

புகார் எப்போதும் ஒரே மாதிரிதான். "அண்ணே, சிக்னல் நாலு கட்டம் நிக்குது. ஊருக்கு வீடியோ கால் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு. பக்கத்துல மச்சான் ஹாயா பேசிக்கிட்டிருக்கார். நம்ம பிளானும் அவர் கம்பெனி டவர்லதான் ஓடுதுன்னு சொன்னாங்களே, அப்ப நமக்கு மட்டும் மட்டமான டவரக் குடுக்கறாங்களா?"

இல்லை. டவர் ஒன்றுதான். ஆன்டெனா ஒன்றுதான், அலைவரிசை ஒன்றுதான். சொந்தமாக டவர் இல்லாமல் பெரிய கம்பெனியிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்கும் கம்பெனிகள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களின் சிம் போட்ட போனும் மச்சான் போனும் அதே செல்லில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வித்தியாசம் ஒரு எண்ணில் இருக்கிறது. பில்லிலும் வராது, போன் திரையிலும் தெரியாது. அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் செல் என்பது எதைப் பங்கிடுகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு டவரில் பெரும்பாலும் மூன்று திசைக்கு மூன்று செல் இருக்கும். 4ஜி செல் ஒன்றுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அகலத்தை 180 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டினால், ஓரங்களில் விடும் காலியிடம் போக, 100 துண்டு வரும். ரேடியோ ஆட்கள் இதை ரிசோர்ஸ் பிளாக் என்பார்கள். டவரில் உள்ள ஷெட்யூலர் என்ற மென்பொருள், ஒவ்வொரு மில்லிசெகண்டும் இந்த 100 துண்டையும் யார் யாருக்கு என்று புதிதாகப் பங்கு போடுகிறது. நொடிக்கு ஆயிரம் பங்கீடு. உங்களுக்கு 'வேகம்' என்று தெரிவதெல்லாம் இந்த ஆயிரம் பங்கீட்டில் உங்களுக்கு எத்தனை துண்டு விழுந்தது, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை பிட்டை ஏற்ற முடிந்தது என்ற ரெண்டின் பெருக்கல்தான்.

யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க ஷெட்யூலர் பார்க்கிற விஷயங்களில் ஒன்று கியூசிஐ என்கிற எண். 4ஜி விதிகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பு இதை ஒரு அட்டவணையாகவே போட்டு வைத்திருக்கிறது. 1 என்றால் குரல் அழைப்பு. 5 என்றால் அழைப்பை ஏற்படுத்தும் சமிக்ஞை. நாம் இன்டர்நெட் என்று சொல்கிற சாதாரண டேட்டா பெரும்பாலும் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் ஓடுகிறது. 5ஜியில் இதன் பெயர் 5கியூஐ என்று மாறியது. இந்த எண்களின் பொருள் கிட்டத்தட்ட அப்படியே தொடர்கிறது.

அந்த அட்டவணையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 6, 8, 9 மூன்றுக்கும் எதிரே பார்த்தால் அனுமதிக்கப்பட்ட தாமதம் 300 மில்லிசெகண்ட், அனுமதிக்கப்பட்ட பாக்கெட் இழப்பு பத்து லட்சத்தில் ஒன்று. பயன்பாடு என்ற கட்டத்திலும் மூன்றுக்கும் ஒரே வரிதான்: வீடியோ, வலை, மின்னஞ்சல், இத்யாதி. தரத்தில் எந்த வித்தியாசமும் எழுதப்படவில்லை. முன்னுரிமை என்ற ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் 6, 8, 9 என்று வேறு வேறாக இருக்கிறது. எண் சிறிதானால் முன்னால். அதாவது இந்த மூன்றும் சந்தாதாரர்களைத் தரம் பிரிப்பதற்கென்றே விட்டுவைத்த இடம் போல இருக்கிறது, கம்பெனிகளும் அதை அதற்குத்தான் பயன்படுத்துகின்றன.

உங்கள் எண் எங்கே எழுதியிருக்கிறது? சிம்மில் இல்லை. கம்பெனியின் மைய சர்வரில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு பதிவு உண்டு. போன் நெட்வொர்க்கில் சேரும்போது அந்தப் பதிவைப் படித்து, "இவருக்கு டேட்டா பாதை திற, எண் 9" என்று டவருக்குச் சொல்லிவிடுகிறார்கள். டவருக்கு நீங்கள் எந்தக் கம்பெனியிடம் வாங்கினீர்கள், எத்தனை டாலர் கொடுக்கிறீர்கள் என்பதில் அக்கறையே இல்லை. அதற்குத் தெரிந்தது 9. இந்த எண்ணை நடுவழியிலேயே மாற்றவும் முடியும். மாதத்தின் இருபதாம் தேதி உங்கள் டேட்டா ஒரு எல்லையைத் தாண்டியதும் கொள்கை சர்வர் ஒரு செய்தி அனுப்பி 8-ஐ 9 ஆக்கிவிடும். போன் அணைந்து எரியாது, கட்டம் குறையாது. உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

எண் 9 வந்துவிட்டால் வேகம் குறைந்துவிடுமா என்றால், செல்லில் இடம் இருக்கிறவரை ஒரு பிட் கூடக் குறையாது. கோயிலில் பொது தரிசனம், சிறப்பு தரிசனம் என்று ரெண்டு வரிசை போட்டிருப்பார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனால் ரெண்டும் ஒன்றுதான், நூறு ரூபாய் டிக்கெட் வாங்கியவர் ஏமாளி. வைகுண்ட ஏகாதசி அன்று வித்தியாசம் தெரியும். அந்த அளவுக்கு உவமை சரி. அதற்கு மேல் இழுத்தால் பொருந்தாது, ஏனென்றால் ஷெட்யூலர் பெரும்பாலும் பொது வரிசையை நிறுத்திவைப்பதில்லை. ரெண்டையும் கலந்துதான் விடுகிறது.

இந்தக் கலவைதான் விஷயமே. எண் 8 உள்ளவர் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் 9-க்கு என்று கறாராக வைத்தால், கூட்ட நேரத்தில் 9-ல் இருப்பவருக்குப் பூஜ்யம்தான் மிஞ்சும். பத்து நொடி, இருபது நொடி பாக்கெட் வராவிட்டால் ஆப்கள் இணைப்பை முறித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும், அது இன்னும் நெரிசல். அதனால் வழக்கமாகச் செய்வது எடை கொடுப்பது. 8-க்கு மூன்று பங்கு, 9-க்கு ஒரு பங்கு என்கிற மாதிரி. எடை எவ்வளவு என்பதை 3ஜிபிபி சொல்வதில்லை. கருவி செய்த கம்பெனி ஒரு குமிழை வைக்கிறது, நெட்வொர்க் நடத்துபவர் அதைத் திருப்பிக்கொள்கிறார். வெளியே சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் குணம் புரியும். ஊர்க்கோடியில் ஒரு பள்ளிக்கூட அரங்கம், பொங்கல் விழா. அதைப் பார்த்து நிற்கிற செல்லில் 20 மெகாஹெர்ட்ஸ். விளம்பரக் கணக்கில் 150 மெகாபிட் என்பார்கள். அருகில் இருப்பவர், தூரத்தில் இருப்பவர், சுவருக்குள் இருப்பவர் எல்லாம் கலந்தால் நடைமுறையில் மொத்தம் 36 மெகாபிட் கிடைக்கிறது என்று வைப்போம். இருக்கிற எண்ணூறு பேரில் ஒரு நொடியில் உண்மையாகவே டேட்டா இழுக்கிறவர்கள் 30 பேர். அதில் 20 பேருக்கு எண் 8, 10 பேருக்கு எண் 9. எடை மூன்றுக்கு ஒன்று. மூன்று என்பது நான் உதாரணத்துக்கு எடுத்தது.

முன்னுரிமையே இல்லையென்றால் ஆளுக்கு 1.2 மெகாபிட். எடை போட்டால் மொத்தப் பங்கு 20 × 3 + 10 = 70. ஆக, எண் 8 உள்ளவருக்கு 1.54, எண் 9 உள்ளவருக்கு 0.51.

இந்த ரெண்டு எண்ணையும் 1.2-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலை கூடிய பிளான்காரருக்குக் கிடைத்த லாபம் 0.34 மெகாபிட். மலிவு பிளான்காரர் இழந்தது 0.69. மச்சானின் வீடியோ கால் கொஞ்சம் தெளிவானது. உங்களுடையது தள்ளாட ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் சுமாரான வீடியோ காலுக்கே அரை மெகாபிட் போல வேண்டும். மச்சான் பக்கம் கூட்டம் அதிகம், அதனால் உங்களிடம் பிடுங்கியதை அவர்கள் இருபது பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் தேறும்.

இன்னும் ஒரு படி போங்கள். எல்லாரும் உஷாராகி முன்னுரிமை பிளானுக்கு மாறி, 30 பேரில் 29 பேர் எண் 8 ஆகிவிட்டார்கள். அப்போது ஆளுக்கு 36 × 3 ÷ 88, அதாவது 1.23 மெகாபிட். முன்னுரிமையே இல்லாதபோது கிடைத்தது 1.2. மாதம் நாற்பது டாலர் கூடக் கொடுத்து 0.03 மெகாபிட் வாங்கியிருக்கிறார்கள். பின்னால் நிற்க ஆள் இருக்கிறவரைதான் முன்னால் நிற்பதற்கு மதிப்பு. இதைப் புரிந்துகொண்டுதானோ என்னவோ, ஏடி&டி 2024 மே மாதம் டர்போ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. லைனுக்கு மாதம் 7 டாலர் கூடக் கொடுத்தால், ஏற்கெனவே பெரிய பிளான் வைத்திருப்பவரும் இன்னொரு படி முன்னால் போகலாம். எட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டால் ஏழைத் திறந்து விற்க வேண்டியதுதான். இப்படியே போனால் கடைசியில் எண்கள் தீர்ந்துவிடும், அப்போது என்ன விற்பார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

மேலே போட்ட கணக்கில் நான் ஒன்றை ஒளித்துவைத்தேன். எல்லாருக்கும் ஒரே சிக்னல் என்று பாவித்தேன். நிஜத்தில் போன் ஒவ்வொன்றும் "என்னிடம் வரும் சிக்னல் இந்தத் தரத்தில் இருக்கிறது" என்று 1 முதல் 15 வரை ஒரு மதிப்பெண்ணை டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 15 சொன்னால் ஒவ்வொரு குறியீட்டிலும் 5.55 பிட் ஏற்றலாம். 4 சொன்னால் 0.60 பிட்தான். ஒன்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஷெட்யூலர் எடை போட்டுப் பங்கிடுவது துண்டுகளை, பிட்டுகளை அல்ல. ஆகவே அரங்கத்தின் உள்ளே கடைசி அறையில், இரும்புக் கதவுக்குப் பின்னால் 4 சொல்லிக்கொண்டிருக்கும் மச்சானுக்கு மூன்று துண்டு விழுந்தாலும், வாசலில் டவரைப் பார்த்து நின்று 15 சொல்லும் உங்களுக்கு ஒரு துண்டு விழுந்தாலும், உங்கள் வேகம் அவருடையதைப் போல மூன்று மடங்கு இருக்கும். "என் இருபத்தைந்து டாலர் பிளான் உங்க எண்பது டாலர் பிளானைத் தோற்கடிச்சிடுச்சு" என்று சிலர் ஸ்பீட்டெஸ்ட் படம் அனுப்புகிறார்களே, அதில் பொய்யில்லை. அது பிளானைப் பற்றி எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் பிளான் மாற்றுவதற்கு முன் பத்தடி தள்ளி ஜன்னலோரம் போய் நில்லுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு கேள்வி எப்போதும் வரும்: "நெட் படுத்துடுச்சு, ஆனா சாதாரண கால் போகுதே, அது எப்படி?" 4ஜியில் சாதாரண குரல் அழைப்புக்கு எண் 1 கொண்ட தனிப் பாதை திறக்கப்படுகிறது. அதற்குக் குறைந்தபட்ச வேகம் உறுதி. சில பத்து கிலோபிட்தான் தேவை என்பதால் கொடுப்பதும் கஷ்டமில்லை. மலிவு பிளானிலும் இது பெரும்பாலும் இப்படியே. வாட்ஸ்அப் காலோ, டவர் கண்ணுக்கு வெறும் டேட்டா. உங்கள் எண் 9 என்றால் அதுவும் 9-ல்தான் நிற்கும். அதே வாய், அதே பேச்சு, ஒன்று வரிசையின் தலையில், மற்றது வாலில். ஊருக்குப் பேசுவதெல்லாம் வாட்ஸ்அப்பில் என்று ஆகிவிட்ட நமக்கு இந்த நெரிசல் மற்றவர்களை விட முன்னாலேயே உறைக்கிறது.

யாருக்கு எந்த எண்? கம்பெனிகள் எண்ணை வெளியே அச்சிடுவதில்லை. ரூட் செய்த ஆண்ட்ராய்டு போனில் நெட்வொர்க் சிக்னல் குரு போன்ற ஆப் போட்டு, மோடத்தின் செய்திகளைப் படித்து ஆர்வலர்கள் கண்டுபிடித்துச் சொல்வதுதான் வழி. அப்படித் தெரிந்தவரை, ஒரே எண்ணுக்கு எல்லாக் கம்பெனியிலும் ஒரே மதிப்பு கிடையாது. வெரைசனில் நல்ல பிளான்கள் 8, பின்னால் தள்ளப்படுபவை 9. டி-மொபைலில் அதன் சொந்தப் போன் பிளான்கள் பெரும்பாலும் 6, அதன் டவரை வாடகைக்கு எடுப்பவர்களில் பலர் 7. ஆகவே டி-மொபைலின் 7, வெரைசனின் 8-ஐ விட உசத்தி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒரு செல்லுக்குள் இருப்பவர்களை ஒப்பிடத்தான் எண், ரெண்டு நெட்வொர்க்கை ஒப்பிட அல்ல.

எண்ணைச் சொல்லாவிட்டாலும் அதன் நிழல் பிளானின் சிறு எழுத்தில் விழுந்திருக்கும். "நெட்வொர்க் பிஸியாக இருந்தால் எந்த நேரமும் உங்கள் டேட்டா தற்காலிகமாக மெதுவாகலாம்" என்று இருந்தால் முதல் ஜிபியிலிருந்தே நீங்கள் பின்வரிசை. வெரைசனின் அன்லிமிடெட் வெல்கம் அப்படி. "50 ஜிபிக்குப் பிறகு" என்றோ "75 ஜிபிக்குப் பிறகு" என்றோ இருந்தால் அதுவரை முன்வரிசை, அதற்குப் பின் எண் மாறும். அமெரிக்காவில் இதற்கு 'பிரீமியம் டேட்டா' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கேட்டால் ஏதோ தரம் உயர்ந்த டேட்டா போலத் தோன்றும். வீட்டு 5ஜி இன்டர்நெட் பெட்டி வாங்கியவர்கள் கவனிக்கவும்: டி-மொபைல் தன் விதிமுறையிலேயே, நெரிசலில் வீட்டு இன்டர்நெட் மற்ற வாடிக்கையாளர்களை விட மெதுவாகலாம் என்று சொல்கிறது. அதில் நியாயம் உண்டு. ஒரு வீட்டுப் பெட்டி மாதம் நூற்றுக்கணக்கில் ஜிபி இழுக்கும், அதைப் போனோடு சமமாக விட்டால் சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவில் யாருக்கும் மேப் கூட ஓடாது.

மெதுவாவதில் இன்னொரு வகையும் இருக்கிறது. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. வேகத்துக்குப் பூட்டு போடுவது. இந்தியாவில் தினசரி கோட்டா தீர்ந்ததும் 64 கிலோபிட்டுக்கு இறங்குகிறதே, அது. அதற்குச் செல்லில் கூட்டம் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே அல்ல. ராத்திரி மூணு மணிக்கு, டவரில் நீங்கள் ஒருவர்தான் என்றாலும் 64 கிலோபிட்தான். பூட்டு போடும் இடமும் வேறு, பெரும்பாலும் டவருக்குப் பின்னால், மையத்தில்.

2018-இல் கலிபோர்னியாவின் மெண்டோசினோ காட்டுத்தீயின்போது சாண்டா கிளாரா கவுண்டி தீயணைப்புத் துறைக்கு நடந்தது இந்த ரெண்டாவது வகை. அவர்களின் கட்டளை வண்டிக்கு வெரைசனில் எடுத்திருந்த பிளான் 25 ஜிபியைத் தாண்டியதும், வேகம் வழக்கமானதில் இருநூறில் ஒரு பங்காக விழுந்துவிட்டது என்று துறைத் தலைவர் நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தார். அவசர நேரத்தில் பூட்டைத் திறந்துவிடுவதுதான் தங்கள் வழக்கம், இங்கே வாடிக்கையாளர் சேவையில் தவறிவிட்டோம் என்று வெரைசன் ஒப்புக்கொண்டது. முன்னுரிமை எண் எத்தனை நன்றாக இருந்திருந்தாலும் அந்த வண்டிக்கு உதவியிருக்காது. பூட்டு போட்ட பிறகு வரிசையில் முதலில் நின்று என்ன பயன்?

முன்னுரிமைப் பக்கத்துக்கு அவர்களுக்கென்றே ஃபர்ஸ்ட்நெட் என்று ஒன்று உருவாகியிருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலில் போலீசும் தீயணைப்பும் ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் போன அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. 2012-இல் சட்டம் வந்தது, 2017-இல் ஏடி&டியோடு 25 வருட ஒப்பந்தம் ஆனது. அதில் வரிசையில் முன்னால் நிற்பதோடு ஒரு கூடுதல் அதிகாரமும் உண்டு: இடமே இல்லையென்றால் சாதாரண சந்தாதாரரின் பாதையை மூடி இவர்களுக்குத் திறக்கலாம். அது கியூசிஐ செய்கிற வேலை அல்ல. உள்ளே யாரை விடுவது, யாரை வெளியேற்றுவது என்று முடிவு செய்யும் இன்னொரு எண், 1 முதல் 15 வரை, ஒவ்வொரு பாதைக்கும் இருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கும் எந்த பிளானிலும் அடுத்தவரை வெளியேற்றும் உரிமை வருவதாக நான் கண்டதில்லை.

இதையெல்லாம் தாண்டி, பெரிய ஸ்டேடியத்தில் எண்பது டாலர் பிளான்காரருக்கும் எதுவும் ஓடாத நேரம் உண்டு. காரணம், கியூசிஐ வேலை செய்வது உள்ளே வந்த பிறகு. போன் முதலில் "எனக்குப் பேச வேண்டும்" என்று டவருக்கு ஒரு சிறு சமிக்ஞை அனுப்ப வேண்டும். ஐயாயிரம் பேர் ஒரே சமயத்தில் அனுப்பினால் அவை மோதிக்கொள்கின்றன. யாருடையது என்று டவருக்கே தெரியாது, தெரியாதவருக்கு என்ன முன்னுரிமை தருவது? எல்லாரும் காத்திருந்து மறுபடி முயல வேண்டியதுதான்.

உங்களுக்கு நேர்வது எது என்று கண்டுபிடிக்க ரூட் செய்த போன் தேவையில்லை. மெதுவாக இருக்கும் அதே இடத்தில் பின்னிரவில் அல்லது விடிகாலையில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். அப்போதும் அதே வேகம், அதுவும் ஒரு உருண்டை எண்ணில் அசையாமல் நிற்கிறதென்றால், அது பூட்டு. விடிகாலையில் பறக்கிறது, சாயங்காலம் தவழ்கிறது என்றால் நெரிசல். நெரிசல்தான் என்று தெரிந்த பிறகு, அதே நெட்வொர்க்கில் ஓடும் விலை கூடிய பிளான் உள்ள போனைப் பக்கத்தில் வைத்து, ரெண்டும் ஒரே பேண்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சில தடவை சோதியுங்கள். ரெண்டும் படுத்திருந்தால் செல் நிரம்பி வழிகிறது, பிளான் மாற்றிப் பிரயோசனமில்லை. ஒன்று மட்டும் திரும்பத் திரும்பப் படுத்தால் முன்னுரிமை. ஒரே ஒரு தடவை சோதித்து முடிவுக்கு வராதீர்கள், நிமிஷத்துக்கு நிமிஷம் கூட்டம் மாறும்.

பிங் நேரத்தையும் பாருங்கள். பின்வரிசையில் நிற்பவரின் பாக்கெட்டுகள் டவரில் குவிந்து காத்திருக்கும். சும்மா இருக்கும்போது 40 மில்லிசெகண்ட் காட்டியது, டவுன்லோடு ஓடும்போது 600, 900 என்று குதித்தால் வரிசை நீளம் என்று பொருள். சிக்னல் விவரம் காட்டும் ஆப் இருந்தால் ஆர்எஸ்ஆர்கியூ என்ற அளவு உதவும். போன் மேலே தெரியும் கட்டங்கள் டவரின் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும், கூட்டத்தைக் காட்டாது. ஆர்எஸ்ஆர்கியூ, செல்லில் போக்குவரத்து ஏற ஏறக் கீழே இறங்கும். காலியான செல்லில் −7, −8 என்று காட்டிய இடத்தில், கட்டம் குறையாமலே −12, −13 காட்டினால் சுற்றிலும் அலை நிரம்பியிருக்கிறது.

நம் ஊரில் இது உண்டா என்று கேட்பீர்கள். முயன்றார்கள். வோடபோன் 2019 கடைசியில் ரெட்எக்ஸ் என்று ஒரு போஸ்ட்பெய்டு பிளான் கொண்டுவந்து, அதிக வேகம் என்று விளம்பரம் செய்தது. 2020 ஜூலையில் ஏர்டெல், 499 ரூபாயும் அதற்கு மேலும் கொடுக்கும் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்களுக்கு பிளாட்டினம் என்று பெயர் வைத்து, 4ஜியில் முன்னுரிமை என்று அறிவித்தது. சில நாட்களுக்குள் டிராய் ரெண்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேள்வி கேட்டது. கேள்வி எளிமையானது: சிலருக்கு முன்னுரிமை கொடுத்தால் அதே செல்லில் உள்ள மற்றவர்களின் சேவை கெடாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? வோடபோன் தீர்ப்பாயத்துக்குப் போய் அந்த இடைக்கால உத்தரவிலிருந்து நிவாரணம் வாங்கியது. ஆனாலும் ஆகஸ்டில் டிராய் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தது, விளம்பரத்திலிருந்து அதிக வேகம் என்ற பேச்சு மறைந்தது.

டிராயின் கேள்விக்கு மேலே போட்ட 36 மெகாபிட் கணக்கே பதில். செல் நிரம்பியிருக்கும் அந்த நேரத்தில், ஒருவருக்குக் கூடுவது இன்னொருவரிடமிருந்து எடுத்தது. வேறு எங்கிருந்தும் வராது. அதற்காக முன்னுரிமை விற்பதையே தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பதினைந்து டாலர் பிளான் இருப்பதே, கூட்ட நேரத்தில் பின்னால் நிற்கச் சம்மதிப்பவருக்குத் தள்ளுபடி என்ற ஏற்பாட்டால்தான். எனக்குக் கோபம் வருவது எண்ணை மறைப்பதில். ஒரு டப்பா பிஸ்கட்டில் எத்தனை கிராம் சர்க்கரை என்று அச்சிட முடிகிறது. இந்த பிளான் நெரிசலில் முதல் வரிசையா மூன்றாவதா, அடுத்த வரிசைக்கு எத்தனை மடங்கு எடை என்று ரெண்டு வரி அச்சிட்டால் வாங்குபவர் தீர்மானித்துக்கொள்வார். 'தற்காலிகமாக மெதுவாகலாம்' என்பது மூன்றுக்கு ஒன்றா, முப்பதுக்கு ஒன்றா என்று வாங்கும்போது யாருக்கும் தெரியாது.

எந்த பிளான் வாங்கலாம் என்று கேட்டு அடுத்த செய்தி வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை, வெளியே மேப்பும் பாட்டும்தான் என்றால் பின்வரிசை பிளான் தாராளமாகப் போதும். உங்கள் பக்கத்து டவரில் 5ஜிக்கு 100 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் வரிசையே உருவாவது அபூர்வம். டாக்சி, டெலிவரி ஓட்டுபவர், போன் ஹாட்ஸ்பாட்டில் ஆபீஸ் வேலை பார்ப்பவர், தினமும் கூட்டமான ரயிலில் போகிறவர் என்றால் முன்வரிசை பிளானுக்கான காசு வீணில்லை. வருடத்துக்கு ரெண்டு விழாவுக்காக மட்டும் மாதாமாதம் நாற்பது டாலர் கூடக் கொடுக்காதீர்கள். விழாவன்று ஊருக்குப் பேச வேண்டுமென்றால் அரங்கத்தின் வைஃபை கடவுச்சொல்லை முதலிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால், வேறு நெட்வொர்க்கின் ஒரு மலிவு இசிம்மைப் போனில் ரெண்டாவதாகப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே கம்பெனியில் குவிந்திருக்கும் கூட்டத்தில், அடுத்த கம்பெனியின் 9 இந்தக் கம்பெனியின் 8-ஐ விட வேகமாக ஓடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.